கிராஜுவிட்டி கணக்கு: ஒரு நாளில் ஒரு வருடம் போகுமா?

ராட்டை77

வணக்கம். ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். சேர்ந்தது 2013 ஜூன் 3. கடைசி வேலை நாள் 2024 டிசம்பர் 3. நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய்.

போன வாரம் கிராஜுவிட்டி வந்தது, 1,65,000. அதாவது 11 வருடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் தாண்டினால் அதை முழு வருடமாக எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியென்றால் 12 வருடத்துக்கு 1,80,000 வரவேண்டும். ஆபீஸில் கேட்டதற்கு, "உங்களுக்குச் சரியாக 11 வருடம் 6 மாதம்தான் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேலே ஒரு நாளாவது இருந்தால்தான் சேரும்" என்று சொல்லி கம்ப்யூட்டர் திரையையே திருப்பிக் காட்டிவிட்டார்கள். அதில் 11, 6, 0 என்றுதான் இருந்தது.

15,000 ரூபாய் விஷயம். சட்டம் உண்மையிலேயே இப்படித்தானா?

---

கணக்குப்பிள்ளை

ஏமாற்றுகிறார்கள். ஆறு மாதம் ஆனாலே ஒரு வருடம்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்தால்தான் தள்ளுபடி. நான் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், பி.எஃப். பென்ஷனில் இப்படித்தான் போடுகிறார்கள். விதியிலேயே "ஆறு மாதம் அல்லது அதற்கு மேல்" என்று இருக்கிறது. அவர்களிடம் அதைக் காட்டுங்கள்.

---

பழையகோப்பு

கணக்குப்பிள்ளை சார் சொல்வது பென்ஷன் திட்டத்துக்குச் சரி. 1995ஆம் வருட ஊழியர் பென்ஷன் திட்டத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு வருடம், குறைந்தால் விட்டுவிட வேண்டும். ஆனால் கிராஜுவிட்டி வேறு சட்டம், 1972ஆம் வருடத்தது. அதன் 4(2) பிரிவு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும், "ஆறு மாதத்துக்கு மேற்பட்ட" பகுதிக்கும் 15 நாள் சம்பளம் என்கிறது. சரியாக ஆறு மாதத்தில் நின்றுவிட்டால் அங்கே சேராது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கான தொழில் தகராறு சட்டத்திலும் இதே "மேற்பட்ட"தான். ஆகவே ஆபீஸில் விதியைத் தப்பாகச் சொல்லவில்லை.

தப்பு நாளை எண்ணியதில் இருக்கிறது. ராட்டை சார், ஜூன் 3 அன்று நீங்கள் வேலை செய்தீர்கள், அதற்குச் சம்பளமும் வாங்கினீர்கள். ஜூன் 3இல் தொடங்கிய வருடம் அடுத்த ஜூன் 2 இரவோடு முடிகிறது. அப்படிப் பார்த்தால் உங்களுடைய 11ஆவது வருடம் 2024 ஜூன் 2இல் முடிந்துவிட்டது. அடுத்த ஆறு மாதம் ஜூன் 3இலிருந்து டிசம்பர் 2 வரை. நீங்கள் டிசம்பர் 3ஆம் தேதியும் ஷிப்டுக்குப் போயிருக்கிறீர்கள். எனவே 11 வருடம், 6 மாதம், 1 நாள். அந்த ஒரு நாள் போதும்.

தொகை நீங்கள் போட்டதுதான். 26,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,000. பதினைந்து நாளுக்கு 15,000. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,80,000.

---

அஞ்சல்ஓய்வு

எல்லாரும் ஆறு மாதம் ஆறு மாதம் என்று பேசுகிறீர்களே, விதி மூன்று மாதம் அல்லவா? நான் அஞ்சல் துறையில் 31 வருடம் 4 மாதம். எனக்கு அந்த 4 மாதத்தை அரை வருடமாக எடுத்து, 63 அரை வருடம் என்று போட்டார்கள். ஒவ்வொரு அரை வருடத்துக்கும் கால் மாதச் சம்பளம் வீதம் பதினைந்தே முக்கால் மாதச் சம்பளம் கிராஜுவிட்டியாக வந்தது. தம்பி, உங்களுக்கும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

---

பழையகோப்பு

ஐயா, உங்களுடையது மத்திய அரசு ஊழியர் பென்ஷன் விதி. அங்கே அளவுகோலே அரை வருடம். அதனால் மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு அரை வருடமாக ஏறும். 9 வருடம் 9 மாதம் முடித்தவருக்கு 20 அரை வருடம் என்று எடுத்துப் பத்து வருடப் பென்ஷன் தகுதி கிடைப்பதும் இதனால்தான். நூற்பாலைக்கு அந்த விதி வராது. இவர் மூன்று மாதக் கணக்கைக் கேட்டுப் போனால் இருக்கிற நியாயமும் கெட்டுவிடும்.

---

அஞ்சல்ஓய்வு

அப்படியா, சரி. தனியாரில் இருப்பவர்களுக்கு அரை வருடம் என்று ஒன்று கிடையாதாக்கும். ஒன்று முழுசு, இல்லாவிட்டால் பூஜ்யம்.

---

எச்.ஆர்.ஜன்னல்

நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள், அதனால் கொஞ்சம் அடிக்க வருவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். பழையகோப்பு சார் சேர்ந்த நாளையும் கடைசி நாளையும் இரண்டையும் எண்ணுகிறார். ஒரு தேதியிலிருந்து காலத்தை எண்ணும்போது முதல் நாளை விட்டுவிட வேண்டும் என்பதுதானே பொதுவான முறை? பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 9ஆவது பிரிவே அதற்குத்தான் இருக்கிறது. அதன்படி ஜூன் 3ஐ விட்டு எண்ணினால் டிசம்பர் 3 அன்று சரியாக ஆறு மாதம். எங்கள் ஆடிட்டர் இப்படித்தான் சொல்வார்.

அந்த மில்லில் யாரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். எக்செலில் இந்த வரியைத்தான் எல்லாரும் போடுகிறோம்:

```
=DATEDIF(B2,C2,"y")
=DATEDIF(B2,C2,"ym")
=DATEDIF(B2,C2,"md")
```

B2வில் சேர்ந்த தேதி, C2வில் கடைசி தேதி. அவருடைய தேதிகளைப் போட்டுப் பார்த்தேன், அவர் திரையில் பார்த்த அதே 11, 6, 0 வருகிறது.

---

பழையகோப்பு

அடிக்க மாட்டோம் மேடம், நல்ல கேள்வி. 9ஆவது பிரிவு எதற்கு என்று பாருங்கள். ஒரு சட்டம் "இந்த நாளிலிருந்து" என்று சொல்லித் தொடங்கும் காலத்தை எப்படி எண்ணுவது என்பதற்கு அது. மேல்முறையீட்டுக்கு 60 நாள், விண்ணப்பிக்க 90 நாள் என்கிற மாதிரி இடங்களில், உத்தரவு கைக்கு வந்த நாளை எண்ணாமல் விடுவோம். கிராஜுவிட்டியில் எண்ணுவது கெடு அல்ல, ஆள் செய்த வேலை. ஜூன் 3 அன்று மெஷின் பக்கத்தில் நின்ற மனிதனின் அந்த நாளைச் சேவையில் இல்லை என்று எப்படிச் சொல்வது? அன்றைக்குப் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், வருகைப் பதிவேட்டில் டிக் இருக்கிறது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒருவர் ஜனவரி 1இல் சேர்ந்து அதே வருடம் டிசம்பர் 31இல் போகிறார். ஒரு வருடம் வேலை செய்தாரா இல்லையா? எந்த ஆடிட்டரும் ஆமாம் என்றுதான் சொல்வார். உங்கள் எக்செல் வரி பூஜ்யம் வருடம், 11 மாதம், 30 நாள் என்று சொல்லும்.

---

எச்.ஆர்.ஜன்னல்

ஜனவரி உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு நாள் கேள்விக்கே தனியாக ஒரு தீர்ப்பு இருந்தால் கொடுங்கள், ஆடிட்டரிடம் காட்ட வசதியாக இருக்கும்.

---

பழையகோப்பு

கையில் வைத்துக்கொண்டு காட்டும்படி என்னிடம் ஒன்றும் இல்லை. நான் தொழிலாளர் துறைப் பக்கம் இருந்த காலத்தில் இரண்டு நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். எதிர்த்தரப்பு வக்கீல்கள் அதில் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடக்கூடாது என்று இல்லை.

---

செல்லம்மாள்_ஷீட்

எக்செல் பேச்சு வந்ததால் நுழைகிறேன். இதைச் சரிசெய்ய முடிவு தேதியில் ஒன்றைக் கூட்டினால் போதும்:

```
=DATEDIF(B2,C2+1,"y")
=DATEDIF(B2,C2+1,"ym")
=DATEDIF(B2,C2+1,"md")
```

ராட்டை சார் தேதிகளுக்கு இப்போது 11, 6, 1 வரும். மாதம் 6ஐத் தாண்டியிருந்தாலோ, மாதம் 6ஆக இருந்து நாள் பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலோ ஒரு வருடம் கூட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த "md" சில மாதக் கடைசித் தேதிகளில் தப்பான விடை தரும், மைக்ரோசாஃப்டே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. மாதம் 6 என்று வந்தால் மட்டும் காலண்டரை எடுத்து விரலால் எண்ணிவிடுங்கள், பெரிய வேலை இல்லை.

இதைவிட மோசமான ஒன்றைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மொத்த நாளை 365ஆல் வகுத்து `ROUND` போடுவது. பார்க்க நியாயமாக இருக்கும், அரைக்கு மேல் என்றால் மேலே ஏறும். ஆனால் காலண்டரில் ஆறு மாதம் என்பது எப்போதும் பாதி வருடம் இல்லையே. சாதாரண வருடத்தில் ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை 181 நாள்தான். ஜூலை 1 அன்றும் வேலைக்கு வந்தவருக்கு ஆறு மாதம் ஒரு நாள் ஆகிவிட்டது, சட்டப்படி ஒரு வருடம் சேர வேண்டும். அந்த ஷீட்டிலோ 182ஐ 365ஆல் வகுத்தால் 0.4986, கீழே இறக்கிவிடும். மறுபக்கம் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை 184 நாள். அவருக்குச் சரியாக ஆறு மாதம்தான், சேரக்கூடாது. ஆனால் 0.504 வந்து மேலே ஏற்றிவிடும். ஒருவருக்குப் போகிறது, இன்னொருவருக்குச் சும்மா வருகிறது. கிடைத்தவர் புகார் சொல்ல மாட்டார், அதனால் ஷீட் தப்பு என்று வெளியே தெரிவதே இல்லை.

---

நிலா_டெஸ்டர்

அப்போ நான் தப்பித்தேன். மென்பொருள் கம்பெனி, 2020 மே 11இல் சேர்ந்தேன். ராஜினாமா கொடுத்துவிட்டேன், ஜனவரி 10 கடைசி நாள். அதாவது 4 வருடம் 8 மாதம். ஆறு மாதம் தாண்டியதால் 5 வருடம் ஆகிவிட்டது, கிராஜுவிட்டி உண்டு. சரிதானே?

---

கணக்குப்பிள்ளை

சரிதான் மா. 4 வருடம் 6 மாதம் தாண்டினாலே 5 வருடம்.

---

பழையகோப்பு

இல்லை, இல்லை. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் இரண்டு தனித்தனிக் கேள்வி கேட்கிறது. முதலில், உனக்குக் கிராஜுவிட்டி உண்டா? அதற்கு 4(1), ஐந்து வருடம் இடைவிடாத சேவை வேண்டும். (இறந்தவர்களுக்கும் உடல் ஊனத்தால் வேலை போனவர்களுக்கும் அந்த நிபந்தனை கிடையாது.) உண்டு என்றான பிறகுதான் எவ்வளவு என்ற கேள்வி, அதற்கு 4(2). ஆறு மாதத்தை ஏற்றும் விதி இரண்டாவதில்தான் இருக்கிறது. வாசலைத் தாண்ட அது உதவாது.

ஆனால் நிலாவுக்கு வேறு வழி இருக்கிறது. 2ஏ பிரிவுப்படி ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த வருடமே இடைவிடாத ஒரு வருடச் சேவைதான். வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமாக இருந்தால் 190 நாள் போதும். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998இல் சென்னை உயர் நீதிமன்றம், நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் இருந்தால் ஐந்து வருடமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. நாலரை வருடமோ நாலு வருடம் எட்டு மாதமோ அதில் கணக்கே இல்லை. நாள்தான் கணக்கு.

உங்கள் ஆபீஸ் வாரம் ஐந்து நாளா? லீவு எவ்வளவு எடுத்தீர்கள்?

---

நிலா_டெஸ்டர்

ஐந்து நாள் சார். மே மாதத்துக்கு அப்புறம் சம்பளம் இல்லாத லீவு எட்டு நாள் எடுத்திருக்கிறேன். எட்டு மாதம் என்றால் 240 நாள் வந்துவிடும் என்று நினைத்தேன்.

---

பழையகோப்பு

மே 11 முதல் ஜனவரி 10 வரை காலண்டரில் 245 நாள், அதாவது சரியாக 35 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 175 வேலை நாள். 190ஐயே எட்டவில்லை, அதிலும் சம்பளமில்லாத எட்டு நாள் குறையும். சனி, ஞாயிறையும் எண்ணலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர்கள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், சம்பளம் கொடுத்த ஞாயிறும் விடுமுறையும் வேலை நாள் கணக்கில் வரும் என்றது. ஆனால் அது தொழில் தகராறு சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. மாதச் சம்பளக்காரருக்கு வார விடுமுறையும் சம்பளத்தில் அடக்கமா என்று உங்கள் கம்பெனி வக்கீல் அங்கேயே பிடிப்பார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாதாடக் கிளம்ப மாட்டேன், கடைசி நாளைத் தள்ளிப்போடுவேன். ஜனவரி 31 வரை இருந்தால் 38 வாரம், அப்போதுதான் வேலை நாள் 190 ஆகிறது. எட்டு நாள் ஈடுகட்ட இன்னும் இரண்டு வாரம். பிப்ரவரி நடுவில் போனால் வார விடுமுறையைத் தொடாமலே நிற்கலாம். மே 10 வரை இருந்துவிட்டால் ஒரு தீர்ப்பும் தேவையில்லை, அது உங்கள் புது கம்பெனிக்காரர்கள் காத்திருப்பதைப் பொறுத்தது.

---

நிலா_டெஸ்டர்

புது இடத்தில் ஜனவரி 20 சேரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன். தகுதிக்கான வருடக் கணக்கும் தொகைக்கான வருடக் கணக்கும் வேறு வேறா? பிப்ரவரியில் போனால் நாலு வருடத்துக்குத் தருவார்களா, ஐந்துக்கா?

---

எச்.ஆர்.ஜன்னல்

இதை நான் சொல்கிறேன். வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் 4 வருடம் 9 மாதத்துக்கு ஆறு மாத விதி வேலை செய்யும், ஐந்து வருடத்துக்குப் போடுவார்கள். ஆனால் எல்லா கம்பெனியும் அந்தச் சென்னைத் தீர்ப்பை ஏற்காது. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தால் "எங்கள் பாலிசி ஐந்து வருடம்" என்று ஒரு மெயில் வரும். ராஜினாமா தேதியை மாற்றுவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

தறிவீடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு பி.எஃப். சந்தேகம். மொத்தச் சேவை 9 வருடம் 7 மாதம். வேலையை விட்டுவிட்டேன், பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கலாம் என்று 10சி படிவம் போட்டால் நிராகரிக்கிறார்கள். பத்து வருடம் ஆகவே இல்லையே?

---

கணக்குப்பிள்ளை

வாங்க, இது நம்ம ஏரியா. பென்ஷன் திட்டத்தில் வாசலுக்கே ஆறு மாத விதி உண்டு. 9 வருடம் 7 மாதம் 10 வருடமாகிவிட்டது. பத்து வருடம் வந்துவிட்டால் மொத்தமாக எடுக்க முடியாது, 58 வயதில் பென்ஷன்தான். 50க்கு மேல் என்றால் குறைந்த பென்ஷனாகக் கேட்கலாம். பென்ஷனுக்குரிய சம்பளம் 15,000 என்றால் அதைப் பத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 2,143 ரூபாய் வாக்கில். அதுவரை ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு வேலையில் சேர்ந்தால் இந்தச் சேவை அதோடு சேரும்.

ஒன்று மட்டும் பாருங்கள். பங்களிப்பு இல்லாத நாள், அதாவது சம்பளமில்லாமல் போன நாள் பாஸ்புக் பக்கம் இருக்கும். அதைச் சேவையிலிருந்து கழிப்பார்கள். உங்களுக்கு அது 60 நாள் இருந்தால் 9 வருடம் 5 மாதம் ஆகிவிடும். அப்போது ஒன்பதுதான், மொத்தமாக எடுக்கலாம். எடுக்கத்தான் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

---

தறிவீடு

அந்தக் கட்டத்தில் 22 நாள் காட்டுகிறது. அப்போ பத்துதான். நன்றி அண்ணா. ஆறு மாதம் எனக்கு எதிராக வேலை செய்துவிட்டது.

---

ராட்டை77

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டிசம்பர் 3க்கான வருகைப் பதிவும், சம்பளச் சீட்டில் டிசம்பருக்கு மூன்று நாள் சம்பளமும் பி.எஃப்.பும் இருப்பதை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாள் விஷயத்தை உடனே ஒத்துக்கொண்டார்கள், அந்த அம்மா எக்செலில் ஒன்றைக் கூட்டிப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

ஆனால் மேனேஜர் வந்து வேறு கதை ஆரம்பித்தார். "முதல் ஆறு மாதம் நீ ட்ரெய்னி. அது சேவையே இல்லை. 2013 டிசம்பர் 3இலிருந்துதான் கணக்கு. அப்படியானால் 11 வருடம் ஒரு நாள். உனக்கு 11க்கே கொடுத்தாகிவிட்டது" என்கிறார். கடிதத்தில் "பயிற்சியாளர்" என்று இருப்பது உண்மைதான். ஆனால் முதல் மாதத்திலிருந்தே பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடித்திருக்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை

பார்த்தீர்களா, ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் திறக்கிறார்கள்.

---

பழையகோப்பு

கிராஜுவிட்டி சட்டம் ஊழியர் என்ற விளக்கத்திலிருந்து விலக்கியிருப்பது அப்ரண்டிஸ்களை. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டுப் பதிவுசெய்து, உதவித்தொகை கொடுத்து வைத்திருந்தால் அந்தக் காலம் சேராது. வெறுமனே கடிதத்தில் பயிற்சியாளர் என்று எழுதிவிட்டு, ஷிப்டில் போட்டு, மற்றவர்கள் செய்த அதே வேலையை வாங்கி, பி.எஃப். பிடித்திருந்தால் கதை மாறும். அந்தச் சட்டத்தில் வரும் அப்ரண்டிஸுக்குப் பி.எஃப். பிடிக்க மாட்டார்களே, நீங்கள் எதற்குப் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். அப்ரண்டிஸ் ஒப்பந்தப் பதிவு எண் என்ன என்றும் அதிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்.

இன்னொன்று, காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. தொகை குறைந்தால் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் படிவம் 'என்'னில் விண்ணப்பிக்க 90 நாள். காலம் கடந்தால் தகுந்த காரணம் சொல்லி ஏற்கச் செய்யலாம், ஆனால் அந்த வேலை எதற்கு. உங்கள் மில்லுக்கு வேறு மாநிலத்தில் கிளை இருக்கிறதா? இருந்தால் மத்திய அரசின் தொழிலாளர் அலுவலகம், இல்லாவிட்டால் மாநிலத் தொழிலாளர் துறை. தப்பான மேசைக்குப் போய் இரண்டு மாதம் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனுவில் மீதி 15,000ஓடு, முப்பது நாளைக் கடந்த தாமதத்துக்கு 10 சதவீதம் வட்டியும் கேளுங்கள்.

---

எச்.ஆர்.ஜன்னல்

மேனேஜர் சொன்னதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? பயிற்சிக் காலத்தைக் கழித்தால் இவருடைய ஆறு மாதம் மொத்தமாகப் போய்விடுகிறது, சரியாக 11க்கு வந்து நிற்கிறது. இவர் ஒரு நாளுக்காகச் சண்டை போடாமல் இருந்திருந்தால் அந்த ட்ரெய்னி கடிதத்தை யாரும் தூசி தட்டியிருக்க மாட்டார்கள். அதற்காகக் கேட்காமல் இருங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் இடத்திலும் ட்ரெய்னி காலத்தைச் சேர்ப்பதா என்று ஒவ்வொரு தடவையும் விவாதம்தான், ஒரே மாதிரி செய்ததில்லை.

---

ராட்டை77

வெளிமாநிலத்தில் ஒரு கிளை உண்டு, விற்பனை ஆபீஸ் மட்டும். அது கிளையாகுமா?

---

பழையகோப்பு

சட்டம் கிளை என்றுதான் சொல்கிறது, உற்பத்தி நடக்கும் கிளை என்று சொல்லவில்லை. மத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அவர்கள் வாங்க மறுத்தால் அதை எழுதி வாங்கிக்கொண்டு மாநிலத்துக்குப் போங்கள்.

---

நிலா_டெஸ்டர்

அப்டேட். புது இடத்தில் பிப்ரவரி 17 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். பழைய கம்பெனியில் பிப்ரவரி 14 கடைசி நாள் என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். கிராஜுவிட்டி உண்டா என்று மெயிலில் கேட்டதற்கு "தகுதி பாலிசிப்படி தீர்மானிக்கப்படும்" என்று பதில் வந்திருக்கிறது. என்ன பாலிசி என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

---

செல்லம்மாள்_ஷீட்

2025 நவம்பருக்கு அப்புறம் இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. கிராஜுவிட்டி இப்போது அதன் 53ஆவது பிரிவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு "மேற்பட்ட" பகுதி என்பது அப்படியே தொடர்கிறது, ஆகவே மேலே சொன்ன நாள் கணக்கும் செல்லும். மாறியது, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடம் இல்லாமலே விகிதாசாரமாகக் கொடுக்க வேண்டும் என்பதும், சம்பளம் என்றால் எதையெல்லாம் சேர்ப்பது என்ற விளக்கமும். ராட்டை சாருடையது 2024இல் முடிந்ததால் பழைய சட்டம்தான்.

---

தறிவீடு

ராட்டை சார் வழக்கு என்ன ஆனது?

---

ராட்டை77

மத்திய அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். முதல் தடவை மில் பக்கம் யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை வக்கீல் வந்து பதில் மனுவுக்கு நேரம் கேட்டார். அப்ரண்டிஸ் பதிவு எண்ணைக் கொண்டுவரச் சொல்லி அதிகாரி எழுதியிருக்கிறார். ஒரு நாள் விஷயத்தை அவர்கள் இப்போது பேசவே இல்லை, பேச்சு முழுக்க முதல் ஆறு மாதம்தான்.

என்னோடு சேர்ந்து அதே நாளில் வேலைக்கு வந்த நண்பன் ஒருவன் டிசம்பர் 2 அன்றே விலகிவிட்டான். அவனுக்கும் மனு போடலாமா என்று கேட்கிறான்.

---

பழையகோப்பு

பயிற்சிக் காலத்தைச் சேர்த்தாலும் டிசம்பர் 2 என்றால் அவருக்குச் சரியாக ஆறு மாதம்தான். அவருக்கு 11க்குக் கொடுத்திருந்தால் அது சரி, போட வேண்டாம். ஆனால் அவருடைய கடைசி சம்பளச் சீட்டை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். விலகல் கடிதத்தில் 2 என்று இருந்து, பொருள் ஒப்படைக்க 3ஆம் தேதியும் வரச்சொல்லி அந்த நாளுக்கும் சம்பளம் போட்டிருந்தால் என்னிடம் அனுப்புங்கள்.